பேசாமல் விற்கும் 40 விநாடி

பின்னணிப் பாட்டு இல்லை, பேசும் குரல் இல்லை. இரண்டு கைகள் ஒரு ஜோடி சுடுமண் ஜிமிக்கியை எடுத்து, மெல்லிய காகிதத்தில் சுற்றி, பெட்டிக்குள் வைக்கின்றன. காகிதம் சரசரக்கிறது, மண்மணிகள் உரசிக் கிணுகிணுக்கின்றன, கடைசியில் ஒரு நன்றி அட்டை. வீட்டிலிருந்தே நகையும் சோப்பும் விற்பவர்கள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் போடும் 'பேக்கிங் வீடியோ' இதுதான்.

இத்தகைய மெல்லிய ஒலிகள் சிலருக்கு உச்சந்தலையில் இதமான சிலிர்ப்பைத் தரும். அந்த அனுபவத்துக்கு ஏ.எஸ்.எம்.ஆர். என்று 2010-இல் பெயர் வைத்தார் அமெரிக்காவின் ஜெனிஃபர் ஆலன். ஆனால் விற்பவருக்கு இதில் கிடைக்கும் பலன் வேறு. சுடுமண் நகையை ஆன்லைனில் வாங்குபவரின் முதல் கவலை, 'கூரியரில் உடையாமல் வருமா?' என்பது. எத்தனை சுற்றுக் காகிதம், எவ்வளவு கெட்டியான அட்டை என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கேட்கவைப்பது எளிது. பாட்டைப் போட்டால் அந்தச் சாட்சி அமுங்கிப்போகும். போதாக்குறைக்கு, இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குகளுக்குப் பிரபலமான பாட்டுகள் பலவும் கிடைப்பதில்லை.

எனவே இந்த வீடியோவில் முதலில் திட்டமிட வேண்டியது ஒலி. படம் அதற்குப் பிறகுதான்.

மின்விசிறிதான் முதல் எதிரி

கைபேசி ஒலியைப் பதியும்போது அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பேச்சுக் குரலுக்கு அது வசதி. ஆனால் அறை அமைதியாக இருந்தால், 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று அது அளவை ஏற்றிவிடும். அப்போது மின்விசிறியின் இரைச்சலும் அடுத்த அறை ஃபிரிட்ஜின் முனகலும் முன்னுக்கு வந்து, காகிதத்தின் சரசரப்பு பின்னால் போய்விடும். பிறகு எடிட்டிங்கில் இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால், காகித ஒலி தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் குழறும்.

இதற்கு மருந்து, ஒலி வாங்கியைக் கைகளுக்கு அருகில் கொண்டுபோவதுதான். படம் எடுக்கும் கைபேசி ஸ்டாண்டில் இரண்டடி உயரத்தில் கீழ்நோக்கி இருக்கட்டும். இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, படச்சட்டத்துக்கு வெளியே, கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அடியில் மடித்த துண்டு ஒன்றை விரித்தால் மேசை அதிர்வு அதில் ஏறாது. இரண்டிலும் பதிவைத் தொடங்கியதும் ஒருமுறை கைதட்டுங்கள். பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல்தான் அடையாளம். இரண்டு கைபேசிகளும் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும்.

மெத்தையும் திரைச்சீலையும் துணி நிறைந்த திறந்த அலமாரியும் உள்ள படுக்கையறையில் எதிரொலி குறைவு. வெறும் சுவரும் டைல்ஸும் உள்ள கூடம் இதற்கு ஆகாது. சமையல் முடிந்து குக்கர் விசில் ஓய்ந்த முற்பகலில், ஜன்னலோர வெளிச்சமும் இருக்கும், தெருவும் சற்று அடங்கியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள் இன்னும் நல்லது, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடாதவரை.

வேலையைத் தொடங்குமுன் யாரும் அசையாமல் அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் முழு நிசப்தம் விழுந்தால் வீடியோ அறுந்துபோனதுபோல் இருக்கும். அந்த இடைவெளிகளை இந்த ஒலியால் நிரப்பலாம்.

டேப்பை என்ன செய்வது?

பேக்கிங்கிலேயே பெரிய சத்தம் பழுப்பு டேப்பை இழுப்பதுதான். காகிதத்துக்கு ஏற்றபடி வைத்த பதிவில் அது வெடித்துக் கரகரக்கும். இன்னொரு சிக்கல் வரிசை. நன்றி அட்டை பெட்டிக்குள் போகிறது. பெட்டியை ஒட்டி, முகவரிச் சீட்டும் ஒட்டி முடித்த பிறகு அட்டையை எப்படிக் கடைசிக் காட்சியாக்குவது? ஒட்டிய பெட்டியின் மேல் அட்டையை வைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. பார்ப்பவருக்கு அது பொய் என்று தெரிந்துவிடும்.

பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே வீடியோவை முடித்துவிடுவது நல்ல வழி. டேப் சத்தம் போகிறது, வரிசையும் உண்மையாகிறது. எல்லாவற்றையும்விட, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைபேசி எண் உள்ள கூரியர் சீட்டு படத்துக்குள் வரவே வராது. பெயரை மட்டும் மங்கலாக்கினால் போதாது. சீட்டிலுள்ள பார்கோடை உறைய வைத்த படத்திலிருந்தும் படித்துவிட முடியும்.

ஜிமிக்கி வீடியோவை இப்படிப் பிரிக்கலாம். முதல் 4 விநாடி, மரத்தட்டிலிருந்து ஜோடியைத் தூக்குவது. கிணுகிணுப்பு முதல் விநாடியிலேயே கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். அடுத்த 10 விநாடி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுவது. பின் 6 விநாடி, சிறிய பெட்டியில் வைத்து மூடுவது. 12 விநாடி, பெரிய அட்டைப்பெட்டியில் நறுக்கிய காகிதத்தைப் பரப்பி, சிறிய பெட்டியை நடுவில் பொதிந்து, சுற்றிலும் விரலால் அழுத்திக் காட்டுவது. மீதி 8 விநாடி அட்டைக்கு.

வெட்டும்போது அசைவைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டு வெட்டுங்கள். மூடி பொருந்தும் 'டப்' முழுதாக அடங்கிய பிறகே அடுத்த காட்சி வர வேண்டும்.

மூன்று வரி போதும்

ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் எழுத்து. 'சுடுமண் ஜிமிக்கி, ஒரு ஜோடி' என்று தொடக்கத்தில் ஒன்று. 'ஒவ்வொன்றும் தனிக் காகிதத்தில்' என்று நடுவில் ஒன்று. முடிவில் கடையின் பெயர். ஒவ்வொன்றும் குறைந்தது 3 விநாடி நிற்கட்டும். திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பொத்தான்கள் மூடிக்கொள்ளும் என்பதால் எழுத்து நடுவுக்குச் சற்று மேலே இருப்பது நல்லது.

நன்றி அட்டைக்கு வழவழப்பான தாள் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பளிச்சிட்டு எழுத்தை விழுங்கிவிடும். சொரசொரப்பான தாளில் பால்பாயிண்ட் பேனா ஓடும் ஒலியும் நன்றாக விழும். வெள்ளை அட்டை வந்ததும் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக் கைகளைக் கருக்கடிக்கும். அதைத் தடுக்க, படம் எடுக்கத் தொடங்கும்போதே திரையை நீண்ட நேரம் அழுத்தி வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். ஐபோனில் `AE/AF LOCK` என்று தோன்றும். அட்டையில் வாங்குபவரின் முழுப்பெயர் வேண்டாம், 'உங்களுக்கு நன்றி' போதும். அட்டையை வைத்த கை சட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகு 3 விநாடி விடுங்கள், படிக்க நேரம் கிடைக்கும்.

முடித்ததும், வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் இயர்போனைக் கொடுத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே காகிதம், எங்கே பெட்டி என்று அவர் சொல்லிவிட்டால் ஒலி சரி. 'ஏதோ இரைச்சல்' என்றால் மறுபடி பதிய வேண்டியதுதான்.

வெளியிடுமுன் இன்னொரு கணக்கும் உண்டு. வீடியோவில் காட்டிய இரட்டைப் பெட்டியும் கையெழுத்து அட்டையும் ஒவ்வொரு ஆர்டருக்கும் போயாக வேண்டும். தீபாவளி நெருக்கடியில் நூறு அட்டையைக் கையால் எழுத முடியாது என்றால், அச்சிட்ட அட்டையில் கையொப்பம் மட்டும் இடுவதைப் படமெடுங்கள். வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கும்போது அந்த வீடியோவும் அவர் கைபேசியிலேயே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் அடுத்த ஜோடியை வாங்குவார்.