தேவிக்கும் ரவிக்கும் தூரம் இரண்டு

ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டில் DEVI என்று ஒருவர் பெயர் இருக்கிறது. அவரே அடுத்த முறை வரும்போது படிவத்தில் THEVI என்று எழுதித் தருகிறார். ஆங்கில எழுத்தில் இரண்டுமே தேவிதான். இலங்கைத் தமிழர் பெயர்களில் ‘த’வுக்கு TH போடுவது வழக்கம். பதிவு மேசையில் இருப்பவர் THEVI என்று தட்டித் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது. அவரும் புதிதாக ஓர் அட்டை போட்டுவிடுகிறார். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை. பழைய மருந்து விவரம் ஒன்றில், புதிய பரிசோதனை முடிவு இன்னொன்றில்.

அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் காட்டுவேன் என்ற பிடிவாதத்தைக் கணினி விட வேண்டுமானால், இரண்டு பெயர்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்க அதற்கு ஒரு வழி வேண்டும். அதற்கான அளவுதான் திருத்தத் தொலைவு. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற மூன்று வேலைகள் செய்யலாம்: ஓர் எழுத்தைச் சேர்க்கலாம், ஓர் எழுத்தை நீக்கலாம், ஓர் எழுத்தின் இடத்தில் வேறொன்றைப் போடலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு 1. எத்தனை வழிகள் இருந்தாலும் மிகக் குறைந்த செலவு எதுவோ அதுதான் தொலைவு. சோவியத் கணிதவியலர் விளாதிமீர் லெவன்ஷ்டைன் 1965இல் இதை முன்வைத்தார். அவருக்குப் பெயர்கள் மேல் அக்கறை இல்லை. அனுப்பும் வழியில் சில குறிகள் தொலைந்தும் சில கூடுதலாக நுழைந்தும் வரும் செய்தியை எப்படிச் சரிசெய்வது என்பதே அவர் கேள்வி.

மிகக் குறைந்த வழியைக் கண்டுபிடிக்க எல்லா வழிகளையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு கட்டம் வரைந்தால் போதும். ஒரு பெயரை மேலே, இன்னொன்றைப் பக்கவாட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

```
       T  H  E  V  I
    0  1  2  3  4  5
D   1  1  2  3  4  5
E   2  2  2  2  3  4
V   3  3  3  3  2  3
I   4  4  4  4  3  2
```

எண்களின் முதல் வரிசையைப் பாருங்கள். ஒன்றுமில்லாததிலிருந்து T வர ஒரு சேர்ப்பு, TH வர இரண்டு, THEVI முழுதும் வர ஐந்து. இடப்பக்க நிரலும் இப்படியே, நீக்கல் கணக்கு. மற்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று அண்டை வீடுகளைக் கேட்க வேண்டும். இடப்பக்கத்து எண்ணோடு ஒன்று, மேலே உள்ள எண்ணோடு ஒன்று. மூலைவிட்டமாக மேலே இருக்கும் எண்ணோடு, எழுத்துகள் ஒன்றானால் எதுவும் கூட்டாமல், வேறானால் ஒன்று கூட்டி. மூன்றில் சிறியதை எழுத வேண்டும். E-யும் E-யும் சந்திக்கும் கட்டத்தில் எழுத்து ஒன்றே என்பதால் மூலையில் இருக்கும் 2 அப்படியே இறங்கி வருகிறது. பிறகு V, I என்று அதே 2 படிப்படியாகக் கீழே இறங்குகிறது. வலப்பக்கக் கடைசிக் கட்டம்தான் விடை: 2. அதாவது D-யை T ஆக்கி, ஒரு H சேர்த்தால் வேலை முடிந்தது.

சரி, DEVI-க்கும் RAVI-க்கும்? D-யை R ஆக்கி, E-யை A ஆக்கினால் போதும். அதற்கும் 2 தான். ஒரே பெயரின் இரு எழுத்து வடிவங்களுக்கும், பெண் பெயர் ஒன்றுக்கும் ஆண் பெயர் ஒன்றுக்கும் ஒரே மதிப்பெண்! இன்னும் மோசமான உதாரணம் LAXMI. அதிலிருந்து LAKSHMI-க்கு 3, LAXMAN-க்கு 2. லட்சுமிக்கு லட்சுமியை விட லட்சுமணன் நெருக்கம் என்கிறது கணக்கு. கணக்கில் பிழை எதுவும் இல்லை. அது எண்ணுவது எழுத்துகளை. பெயர் காதில் எப்படி விழுகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே அளப்பதற்கு முன் பெயர்களை ஒரே வார்ப்புக்குக் கொண்டுவர வேண்டும். TH, DH இரண்டையும் D ஆக்கு. OO-வை U ஆக்கு. EE-யை I ஆக்கு. ZH-ஐ L ஆக்கு. X-ஐ KSH ஆக்கு. அடுத்தடுத்து வரும் இரட்டை எழுத்தை ஒற்றையாக்கு. இப்படிச் சில விதிகள் போதும். THEVI இப்போது DEVI ஆகிவிடுகிறது, தொலைவு 0. LAXMI-யும் LAKSHMI-யும் ஒன்றாகின்றன; LAXMAN, LAKSHMAN ஆகி 2 தள்ளி நிற்கிறது. RAVI இருந்த இடத்திலேயே இருக்கிறது.

விதிகளின் வரிசையில்தான் பலரும் சறுக்குவது. இரட்டை எழுத்தை முதலில் சுருக்கினால் MOORTHY, MORTHY ஆகிவிடும். பிறகு OO-வைத் தேடி வரும் விதிக்கு வேலையே இருக்காது. விதிகள் கூடினால் வேறு ஆபத்து. இரட்டையை ஒற்றையாக்கியதும் வாலியும் (VALI) வள்ளியும் (VALLI) ஒருவராகிவிடுகிறார்கள். ஆகவே அசல் பெயரை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வார்ப்பு வடிவத்தை வேறு பத்தியில் வைத்துக்கொள்வது நல்லது.

தொலைவு எவ்வளவு வரை போகலாம் என்பதற்குப் பெயரின் நீளத்தைப் பார்க்க வேண்டும். SUBRAMANIAN-க்கும் SUBRAMANIYAM-க்கும் இடையே 2. பன்னிரண்டு எழுத்தில் இரண்டு பெரிதில்லை. நாலெழுத்துப் பெயரில் அதே 2 என்றால் பாதிப் பெயர் போயிற்று. இனிஷியல் இடம் மாறினாலும் எண் வீங்கும்: S MURUGAN, MURUGAN S இரண்டுக்கும் தொலைவு 4. இனிஷியலைப் பிரித்துத் தனியாக ஒப்பிட்டால் அது 0 ஆகிவிடும்.

பெயரைத் தமிழிலேயே பதிந்தால் தொல்லை தீருமா? ‘கோமதி’யில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இரண்டு ‘கோமதி’களுக்கும் இடையே தொலைவு 2 வரும். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே இல்லாத இரண்டு பெயர்கள் தேடலில் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். யூனிகோடின் NFC என்ற ஒழுங்குபடுத்தலைச் செய்துவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

பட்டியல் பெரிதானால் நேரமும் ஒரு சிக்கல். 10,000 பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். இதைக் குறைக்க, முதலெழுத்து ஒன்றாக இருப்பவர்களை மட்டும் ஒப்பிடுவது பலர் கையாளும் குறுக்குவழி. வார்ப்புக்கு முன்பே இப்படிப் பிரித்தால் DEVI ஒரு கூட்டத்திலும் THEVI இன்னொரு கூட்டத்திலும் போய்விடும். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பது இதைவிடப் பாதுகாப்பு.

கடைசியில் வரும் எண்ணை வைத்துக் கணினி தானாகவே இரண்டு அட்டைகளை இணைத்துவிடலாமா? இரண்டு வகைத் தவறுகளின் விலை ஒன்றில்லை. ஒரே ஆளை இரண்டாக விட்டால் ஓர் அட்டை கூடுதல், பின்னால் இணைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆட்களை ஒன்றாக்கிவிட்டால் ஒருவருடைய மருந்து ஒவ்வாமை இன்னொருவர் கணக்கில் ஏறும். எது யாருடையது என்று பிறகு பிரிப்பது கடினம். ஆகவே திருத்தத் தொலைவின் வேலை, நெருக்கமான நாலைந்து பெயர்களைத் திரையில் வரிசைப்படுத்திக் காட்டுவதோடு முடிய வேண்டும். பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் பார்த்து, “அம்மா, நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?” என்று கேட்டு இணைக்க வேண்டியவர் மேசையில் இருப்பவர்தான்.