கிளிக் கூடினால் வியாபாரம் கூடுமா?

மச்சான் ஒருவர் சென்னிமலை பெட்ஷீட்டை ஆன்லைனில் விற்கிறார். கூகுள் விளம்பரம் இரண்டு ஓடுகிறது. போன மாசம் டாஷ்போர்டைக் காட்டி, "முதல் விளம்பரம் பிச்சுக்கிட்டு ஓடுது, ரெண்டாவதை நிறுத்திரலாமா?" என்றார். அவர் பார்த்தது CTR என்ற கட்டத்தை மட்டும்தான். விளம்பரம் கண்ணில் பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பதுதான் அது.

இரண்டு விளம்பரமும் தலா 20,000 முறை காட்டப்பட்டிருந்தன. "பெட்ஷீட் 199 ரூபாய் முதல்" என்ற முதல் விளம்பரத்துக்கு 800 கிளிக், அதாவது 4%. "கைத்தறி பெட்ஷீட், ஜோடி 1,400 ரூபாய்" என்ற இரண்டாவதுக்கு 300 கிளிக், 1.5% தான்.

அடுத்து Conv. rate கட்டத்துக்கு வருவோம். கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் ஆர்டர் போட்டார்கள் என்பது இது. முதல் விளம்பரத்தில் 8 ஆர்டர், 1%. இரண்டாவதில் 9 ஆர்டர், 3%. காரணம் எளிது. 199 ரூபாய் என்று பார்த்து வந்தவர், உள்ளே விலையைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார். ஆனால் அவருடைய கிளிக்குக்கும் காசு போய்விட்டது. இரண்டாவது விளம்பரமோ விலையை வாசலிலேயே சொல்லி, வாங்காதவர்களைக் கிளிக் செய்யாமலே அனுப்பிவிடுகிறது.

கடைசியாக Cost / conv., ஒரு ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு. செலவை ஆர்டரால் வகுத்தால் போதும்.

```
6400 / 8 = 800
3000 / 9 = 333
```

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. துணி, கூரியர், வரி எல்லாம் போக மச்சானுக்கு ஒரு ஜோடியில் நிற்பது 450 ரூபாய். ஆக, "பிச்சுக்கிட்டு ஓடும்" விளம்பரம் ஒவ்வொரு ஆர்டருக்கும் 350 ரூபாயைத் தின்கிறது. அவர் நிறுத்தப் பார்த்ததுதான் 117 ரூபாய் சம்பாதித்துக் கொடுக்கிறது!

ஆனால் 8, 9 என்பதெல்லாம் சின்ன எண்கள். அதனால் நான் ஒன்று செய்து பார்ப்பேன்: இரண்டு ஆர்டரைக் கூட்டி, குறைத்துப் பார்ப்பது. முதலாவதுக்கு 10 ஆர்டர் வந்திருந்தாலும் செலவு 640, நஷ்டம்தான். இரண்டாவதுக்கு 7 வந்திருந்தால் 429, தப்பிக்கிறது. 6 என்றால் 500, அதுவும் நஷ்டம். ஆக முதலாவதை நிறுத்தலாம். இரண்டாவதுக்கு இப்போதே பணத்தைக் கொட்டக் கூடாது.

இன்னொரு சிக்கல் தேதி. இன்று வந்த ஆர்டரை இன்றைய கணக்கில் கூகுள் சேர்ப்பதில்லை. அந்த ஆள் கிளிக் செய்த நாளின் கணக்கில் சேர்க்கிறது. நான்கு நாள் யோசித்து வாங்குபவரின் ஆர்டர் நான்கு நாள் பின்னோக்கிப் போய் உட்காரும். அதனால் கடைசிச் சில நாட்கள் எப்போதுமே மோசமாகத்தான் தெரியும். கடைசி ஒரு வாரத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய மாதத்தைப் பாருங்கள் என்று சொன்னேன். மேலே உள்ள கணக்கு அப்படி எடுத்ததுதான்.