கல்யாண வீடியோவில் பாட்டி ஏன் குண்டாகத் தெரிந்தார்? டி.வி.யில் கவனிக்க வேண்டிய இரண்டு செட்டிங்ஸ்

``ஏம்மா, உங்க பாட்டி என்னைக்கு இவ்வளவு குண்டா இருந்தா?'' என்று கேட்டார் தாத்தா.

1994-ல் நடந்த அம்மா, அப்பா கல்யாணத்தின் வீடியோ கேசட் பல வருடங்களாக பீரோவுக்குள் கிடந்தது. பாட்டி நடந்து, பேசி, சிரிக்கும் காட்சிகள் எங்கள் வீட்டில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கின்றன. அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வாங்கி, 43 இன்ச் டி.வி.யில் செருகினோம். படம் திரை முழுக்க வந்தது. ஆனால், பாட்டி உட்பட எல்லோருடைய முகமும் பக்கவாட்டில் அமுக்கிய பூரி மாதிரி இருந்தது. ஸ்டூடியோவில் கேட்டால், ``கேசட்டே அப்படித்தான். வேணும்னா 1,500 ரூபாய் கொடுங்க, மறுபடி கன்வெர்ட் பண்ணித் தர்றோம்'' என்றார்கள். டி.வி. மெக்கானிக்கோ, ``பேனல் பழசாயிடுச்சு'' என்றார். இரண்டும் தவறு. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் சரியானது.

முதலில், படத்துக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வட்டம் போதும். எங்கள் வீடியோவில் மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் ஒன்று நேராகத் தெரியும் காட்சி இருந்தது. அதில் படத்தை நிறுத்தி, தம்பியின் ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே அளந்தேன். உயரம் 12 செ.மீ., அகலம் 16 செ.மீ. வட்டமான கடிகாரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றிருந்தது.

இந்தக் கணக்கிலேயே காரணமும் இருக்கிறது. அந்தக் காலத்து வீடியோ கேமராக்கள் 4:3 என்ற அளவில் எடுத்தன. அதாவது, அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. இப்போதைய டி.வி.கள் 16:9. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உள்ள திரையில் 4:3 படம் சரியான வடிவத்தில் நின்றால், 1440 புள்ளி அகலம்தான் பிடிக்கும். மீதி, இரண்டு பக்கமும் 240 புள்ளிகள் கறுப்பாக இருக்க வேண்டும். அந்தக் கறுப்புப் பட்டை இருக்கக் கூடாது என்று யாரோ 1440-ஐ 1920 ஆக இழுத்திருக்கிறார்கள். 12 செ.மீ. 16 செ.மீ. ஆனது அப்படித்தான்.

அந்த `யாரோ' மூன்று இடங்களில் இருக்கலாம். டி.வி.யே இழுக்கலாம், செட்டாப் பாக்ஸ் இழுக்கலாம், எங்கள் விஷயத்தில் நடந்தது போல வீடியோ ஃபைலைத் தயாரித்தவரே இழுத்திருக்கலாம். எங்கே இழுத்திருந்தாலும் பெரும்பாலும் டி.வி.யிலேயே அடக்கிவிடலாம். ரிமோட்டில் படத்துக்கான செட்டிங்ஸுக்குள் போனால் Picture Size அல்லது Aspect Ratio என்று இருக்கும். அதில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில டி.வி.களில் இதற்கு Normal என்று பெயர்.

அந்தப் பட்டியலில் Zoom என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் முகம் சரியாகி, திரையும் நிறைந்துவிடுவது போலத் தோன்றலாம். ஆனால், 4:3 படம் திரையை நிறைக்க, மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் வெட்டுப்பட வேண்டும். நெற்றிச்சுட்டியும் கால் மெட்டியும் போயே போச்சு. இரண்டு பக்கமும் கறுப்பு இருப்பதே மேல்.

எங்கள் டி.வி.யில் பென்டிரைவ் படங்களுக்கு இந்த மெனுவே திறக்கவில்லை. பல டி.வி.களில் இப்படித்தான். எனவே, லேப்டாப்பில் VLC பிளேயரில் வீடியோவைத் திறந்து Video மெனுவில் Aspect Ratio, அதற்குள் 4:3 என்று கொடுத்தேன். கடிகாரம் வட்டமானது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஒரே இடத்தில்தான் மாற்ற வேண்டும். VLC-யிலும் 4:3, டி.வி.யிலும் 4:3 என்று வைத்தால் இரண்டு முறை அமுங்கி, எல்லோரும் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளில் டி.வி.யுடன் இணைத்தபோது இரண்டாவது பிரச்னை வந்தது. முகமெல்லாம் சரி. ஆனால், லேப்டாப் திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பார் டி.வி.யில் பாதிக்கு மேல் காணவில்லை. வலது மூலையில் விண்டோவை மூடும் பெருக்கல் குறியும் விளிம்புக்கு வெளியே. எழுத்துகள் லேசாக மங்கல்.

இதற்குப் பெயர் ஓவர்ஸ்கேன். அளவு விகிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எத்தனை முறை 4:3, 16:9 என்று மாற்றினாலும் இது போகாது. பழைய பிக்சர் டியூப் டி.வி.களில் படத்தின் ஓரம் துல்லியமாக நிற்காது. அதனால், படத்தைக் கண்ணாடியைவிடக் கொஞ்சம் பெரிதாக விரித்து, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். தட்டை டி.வி.க்கு அந்தத் தேவை இல்லை என்றாலும் பழக்கம் மட்டும் விடவில்லை. மொத்தம் 5 சதவிகிதம் பெரிதாக்கினால் மேலே 27, கீழே 27 புள்ளிகள் வெளியே போய்விடும். விண்டோஸ் 10 டாஸ்க்பாரின் உயரமே 40 புள்ளிதான். மீதி என்ன தெரியும்? படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால்தான் எழுத்தும் மங்குகிறது.

இதை நிறுத்தும் பொத்தானுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருப்பதுதான் குழப்பம். எல்.ஜி. டி.வி.களில் Just Scan, சாம்சங்கில் Screen Fit அல்லது Fit to Screen, சோனியில் Display Area என்பதற்குள் Full Pixel. பெயர் எதுவும் கிடைக்காவிட்டால், அந்த எச்.டி.எம்.ஐ. இன்புட்டின் பெயரை PC என்று மாற்றிப் பாருங்கள். சில மாடல்களில் அதுவே ஓவர்ஸ்கேனை நிறுத்திவிடும். பல டி.வி.கள் இந்த செட்டிங்கை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனியாக நினைவில் வைக்கின்றன. கேபிளை HDMI 1-லிருந்து HDMI 2-க்கு மாற்றிவிட்டு, `நேற்று சரியாகத்தானே இருந்தது' என்று குழம்ப வேண்டாம்.

மாற்றியதும் டாஸ்க்பார் முழுதாக வந்தது, எழுத்தும் கூர்மையானது. கூடவே, கல்யாண வீடியோவின் அடியில் கிழிந்த துணி நுனி மாதிரி ஒரு மெல்லிய கோடு துடிக்க ஆரம்பித்தது. `ஐயோ, கேசட் கெட்டுவிட்டதா' என்று பதறினேன். இல்லை. வி.எச்.எஸ். கேசட்டை ஓட்டும்போது, சுழலும் ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா கேசட்டிலும் உண்டு. 1994 டி.வி.யில் ஓவர்ஸ்கேன் அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான். உறுத்தினால் கேசட் படம் பார்க்கும்போது மட்டும் ஓவர்ஸ்கேனைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

செட்டிங்ஸால் சரிசெய்ய முடியாத ஒரு கேஸும் உண்டு. கடிகாரம் வட்டமாகவே இருந்து, தலைகள் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால், ஸ்டூடியோவில் இழுக்காமல் Zoom செய்து நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபைலில் இல்லாததை டி.வி. கொண்டுவராது. `4:3-லேயே வேண்டும், ஓரம் வெட்டக் கூடாது' என்று சொல்லி மறுபடி கன்வெர்ட் செய்வதுதான் வழி. அதற்கு கேசட் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதேபோல, சினிமாஸ்கோப் படங்களில் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை கோளாறே அல்ல. 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்த `ராஜராஜ சோழன்' முதல் அவை 16:9-ஐவிட அகலமாக எடுக்கப்படுபவை. அங்கேயும் கடிகாரத்தையோ, பொட்டையோ பாருங்கள். வட்டமாக இருந்தால் கையை வைக்காதீர்கள்.

அன்று ராத்திரி மறுபடி வீடியோவைப் போட்டோம். பந்தியில் யாரையோ அதட்டிக்கொண்டே பாட்டி குறுக்கே நடந்தார்.

``நிறுத்து, நிறுத்து... இவதான்'' என்றார் தாத்தா.