முதல் மாதவிடாய்க்குப் பிறகு ஏன் இந்தத் தள்ளாட்டம்?

பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஜூன் 5 அன்று வயதுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஆகஸ்ட் 2, அதாவது 58 நாள் கழித்து. அதற்கடுத்தது 25 நாளிலேயே. வீட்டில் கவலைப்படுகிறார்கள். ஆனால் இது பெரும்பாலும் நோயல்ல.

மாதவிடாய் தொடங்கிவிட்டாலே மாதாமாதம் கருமுட்டை வெளிவருகிறது என்று பொருளில்லை. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொட்டதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'எல்.ஹெச்.' ஹார்மோனைத் திடீரென அதிகமாகச் சுரக்க வேண்டும். அப்போதுதான் முட்டை வெளிவரும். இந்தப் பதில்வினை பழக்கப்பட ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

முட்டை வெளிவந்தால், அது இருந்த இடத்திலிருந்து சுமார் இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அது நின்றதும் கருப்பையின் உட்சுவர் ஒரேயடியாக உதிரும். அதனால்தான் நாள் கணக்கு ஒழுங்காக வருகிறது. முட்டை வராத மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். அது தாங்காத நிலையில் அங்கங்கே உதிரும். நாள் தள்ளிப்போவதும், சில சமயம் அதிகமாகப் போவதும் இதனால்தான்.

முதல் மூன்று ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பு. முதல் ஆண்டில் அதைவிடவும் நீளலாம். ஆனால் 90 நாளைத் தாண்டினாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தேதிகளை ஒரு காலண்டரில் குறித்து எடுத்துச் சென்றால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.