ஸ்டூடியோ நாட்கள் – 14: சட்டைப்பையில் ஒரு பெயர்

முத்துப்பேட்டை பக்கத்திலிருந்து வந்த தம்பியிடம் அப்பாவின் படம் ஒன்றுதான் இருந்தது. அஞ்சலி பேனருக்கு வேண்டும். முகம் நன்றாக விழுந்திருந்தது. ஆனால் கட்டம் போட்ட சட்டையின் பையில், அவர் வேலை பார்த்த உரக்கடையின் பெயர் நூலால் தைத்திருந்தது. “அண்ணே, அது மட்டும் வேணாம்ணே. கடைக்காரங்களோட மனஸ்தாபம்.”

வெற்றுச் சட்டையென்றால் ஐந்து நிமிட வேலை. 2002-இல் போட்டோஷாப்பில் வந்த Healing Brush சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்து நிரப்பிவிடும். கட்டத்தில் அந்தக் கலப்புதான் வம்பு. கோடுகள் ஈரத்தில் ஊறிய மை மாதிரி மங்கிப்போகும்.

Clone Stamp கோட்டை அப்படியே எடுத்து வைக்கும். இரண்டு கோடுகள் வெட்டும் முனையில் Alt அழுத்திக் குறித்துக்கொண்டு, எழுத்தருகே அதே மாதிரி முனையில் முதல் அழுத்தம் கொடுத்தேன். இரண்டு கட்டம் ஒட்டியது, மூன்றாவதில் விலகியது. அளந்து பார்த்தேன். பொத்தான் பக்கம் ஒரு கட்டம் 28 பிக்சல், அக்குள் பக்கம் 24. நெஞ்சு வளைந்து போகிறதல்லவா, துணியும் கூடவே திரும்புகிறது.

அதனால் ஒட்டுப் போட முடிவு செய்தேன். வலப்பக்க நெஞ்சில் பையில்லை, துணி சுத்தமாக இருந்தது. அதை வெட்டித் தனி லேயராக வைத்தேன். கண்ணாடிபோல் திருப்பிப் போடத்தான் முதலில் கை போனது. போட்டதும் தெரிந்தது: நீலத்துக்கு அடுத்து அரக்கு வரவேண்டிய இடத்தில் வரிசை தலைகீழ். திருப்பாமலே வைத்து, Warp-இல் மூலைகளை இழுத்து அக்குள் பக்கம் கட்டங்களைச் சுருக்கினேன். பொருத்தியது பைக்குக் கீழிருந்த சட்டைக்கோட்டோடு அல்ல, பையில் எழுத்துக்கு மேலும் கீழும் மிச்சமிருந்த கோடுகளோடு. மலிவான தையலில் பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் அரைக்கட்டம் தள்ளியே இருக்கும். இரண்டையும் நேராக்கினால் பை காணாமல் போய்விடும்!

எழுத்தை மட்டும் மூடினால் போதாது. தையல் துணியை இழுத்துச் சுருக்கியிருந்ததால் எழுத்தைச் சுற்றி மெல்லிய நிழல் வளையம் இருந்தது. ஒட்டின் விளிம்பை அதையும் தாண்டி வெளியே கொண்டுபோனேன்.

இனி வெளிச்சம். வலப்பக்கத் துணி சன்னல் பார்த்தது, பை நிழலில் இருந்தது. அதனால் ஒட்டு வெளுப்பாகத் தெரிந்தது. ஒட்டின் மேல் Soft Light லேயர் வைத்து, மென்மையான தூரிகையால் கொஞ்சங்கொஞ்சமாகக் கருப்பேற்றினேன். மேலிருந்து வந்த மடிப்பு நிழல் ஒட்டுக்குள் அறுந்து நின்றது, அதைக் கீழே மறுபடி தொடங்கும் இடம்வரை இழுத்துச் சேர்த்தேன். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

சரிபார்க்கும்போது படத்தைச் சிறிதாக்கிப் பார்த்து ஏமாறக்கூடாது. பொடிக்கட்டம் திரையில் அலையடித்துப் பொய்க்கோடு காட்டும். 100 சதவீதத்தில் வைத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பழகிய கண்ணுக்குத் தப்பியது அப்போது சிக்கும். வலப்பக்க நெஞ்சில் இருந்த ஒரு நூல் பிசிறு பையிலும் அச்சடித்தாற்போல உட்கார்ந்திருந்தது. அதை அழித்தேன்.

பையில் செருகியிருந்த பேனாவைத் தொடவில்லை. அதை எடுக்கச் சொல்லி அவன் கேட்கவுமில்லை.