ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு லட்சம் லிட்டர்

நெல் வயலில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள் என்கிறது வேளாண் பரிந்துரை. போர் வைத்துப் பாய்ச்சுகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு: மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது? இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னப் பெருக்கல்தான்.

ஒரு ஹெக்டேர் என்பது நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் கொண்ட நிலம். பரப்பு 10,000 சதுர மீட்டர். அதன் மேல் 1 செ.மீ., அதாவது 0.01 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், 10,000 × 0.01 = 100 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர். ஆக, ஹெக்டேருக்கு ஒரு செ.மீ. என்றால் சரியாக ஒரு லட்சம் லிட்டர். 5 செ.மீ. என்றால் 500 கன மீட்டர், 5 லட்சம் லிட்டர்.

மழையும் இதே கணக்குத்தான். 20 மி.மீ. மழை பெய்தது என்று செய்தியில் கேட்டால், ஒவ்வொரு ஹெக்டேரிலும் 2 லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. மழை, ஆவியாதல், பயிரின் தேவை மூன்றையும் உயரத்தால் அளப்பதற்குக் காரணம், நிலம் பெரிதோ சிறிதோ அந்த எண் மாறாது என்பதே.

நம் ஊரில் ஹெக்டேரில் பேசுகிறவர்கள் குறைவு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு செ.மீ. நிற்க ஏறக்குறைய 40,500 லிட்டர் வேண்டும். ஒரு செண்டுக்கு 405 லிட்டர். தஞ்சைப் பக்கம் மாவில் சொல்கிறவர்கள், ஒரு மாவை 33 செண்டு என்று வைத்துக்கொண்டால், சுமார் 13,400 லிட்டர்.

இனி மோட்டார். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000 லிட்டர். மோட்டார் போட்ட உடனே அளக்கக் கூடாது. ஓட ஓட நீர்மட்டம் இறங்கும், வரத்தும் குறையும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளப்பதே நம்பத் தகுந்தது. ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. என்றால் 2,02,500 லிட்டர். அதை 36,000-ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

அடிக்கடி நேரும் பிழை, சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது. 10,000-ஐ 5-ஆல் பெருக்கி 50,000 கன மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அது 5 கோடி லிட்டர். நம் மோட்டார் இரவு பகலாக ஓடினாலும் அதை இறைக்க 58 நாள் ஆகும். விடையை இப்படி மோட்டார் நேரமாக மாற்றிப் பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் வயலில் 5 செ.மீ. நிற்காமல் போகலாம். அதுதான் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம். நாம் கணக்கிட்டது விட்ட தண்ணீரை. வயலில் தெரிவது நிற்கிற தண்ணீர். ஓர் ஏக்கருக்கு எட்டு மணி நேரம் பாய்ச்சியதாக வைத்துக்கொள்வோம். இறைத்தது 2,88,000 லிட்டர். 40,500-ஆல் வகுத்தால் 7.1 செ.மீ. வயல் எங்கும் ஒரே மட்டமாக இருக்காது என்பதால், ஐந்தாறு இடங்களில் அளவுகோலை ஊன்றிச் சராசரி எடுக்க வேண்டும். அது 4 செ.மீ. என்று வந்தால், 3.1 செ.மீ. காணவில்லை. லிட்டரில் அது ஒன்றேகால் லட்சம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறவர்கள், வயலில் புதைத்த துளைக் குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே பாய்ச்சுவார்கள். அப்போது காய்ந்த மண் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மேலே நிற்கவிடும். அது வேருக்குப் போன தண்ணீர், நஷ்டமில்லை. ஏற்கெனவே ஈரமாக இருந்த வயலிலும் அதே 3 செ.மீ. குறைகிறது என்றால், மண் வாய்க்காலின் கசிவையும் வரப்பிலுள்ள எலி வளையையும் தேட வேண்டும்.

எது என்று தெரிய, மடையை அடைத்துவிட்டு ஓர் இடத்தில் குச்சி நட்டு, நீர்மட்டத்தில் கோடு போட்டு, மழையில்லாத ஒரு நாள் கழித்துப் பாருங்கள். நன்றாகச் சேறு அடித்த களிமண் வயலில், பயிர் குடிப்பதும் கீழே இறங்குவதும் சேர்ந்து சுமார் ஒரு செ.மீ. குறையலாம். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் கூடும். களிமண்ணிலேயே 3 செ.மீ. இறங்கியிருந்தால் வரப்பில் ஓட்டை இருக்கிறது என்றே கொள்ளலாம். கூடுதலாகப் போன 2 செ.மீ., ஏக்கருக்கு 81,000 லிட்டர்; மோட்டார் கணக்கில் நாளொன்றுக்கு இரண்டேகால் மணி நேரம்.