அப்பளத்தில் இல்லாத சீரகம்

மதுரை–திண்டுக்கல் சாலையில், பரவை காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய தெரு ஒன்றில் அப்பளம் போடும் ஒரு சிறு தொழில்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிய பாக்கெட்டுக்கு முகப்புப் படம் வேண்டும். போட்டோகிராபரைக் கூப்பிட்டால் செலவு என்பதால் வீட்டுப் பையன் ஏ.ஐ. கருவியில் நாலு வரி எழுதி ஒரு படம் எடுத்துக் கொடுக்கிறான். வாழை இலை, பித்தளைத் தட்டு, அதில் அடுக்கிய பொரித்த அப்பளம். செல்போனில் பார்த்தால் எண்ணெய் வாசனையே வரும்போல இருக்கிறது. டி.டி.பி. கடைக்குப் போனதும், “ரெசல்யூஷன் பத்தாதுண்ணே, பெரிசாக்கணும்” என்கிறார்கள். பெரிதாக்கிய படம் திரும்பி வருகிறது. பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அப்பளத்தின் மேல் அங்கங்கே சீரகம் தெரிகிறது. இந்தக் கூடத்தில் போடுவது சாதா அப்பளம். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், அவ்வளவுதான். சீரகத்தை யாரும் போடவில்லை.

யார் போட்டது என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு பெரிதாக்க வேண்டியிருந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஏ.ஐ. கருவிகள் பல, நீளத்திலும் அகலத்திலும் 1024 பிக்சல் கொண்ட படத்தைத் தருகின்றன. நல்ல ஆஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 1024 பிக்சல் சுமார் 8.7 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் வரும். நம் பாக்கெட்டின் முகப்பு 13 சென்டிமீட்டர். வெட்டும்போது ஓரம் தப்பாமலிருக்க இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 13.6. அதற்குத் தேவை 1606 பிக்சல். அதாவது படம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே பெரிதானால் போதும். ஆனால் பல கருவிகளில் பொத்தானை அழுத்தினால் நேராக நாலு மடங்குக்குப் போய்விடும். நாலு மடங்கு என்றால் ஒரு பிக்சல் இருந்த இடத்தில் பதினாறு. தேவைக்கு மீறிக் கேட்டால், மீறிய பங்கு முழுவதும் ஊகத்தால்தான் நிரப்பப்படும்.

கடை வாசலில் வைக்கும் நாலடி அகல ஃப்ளெக்ஸுக்கு நிலைமை இன்னும் எளிது. 1024 பிக்சலை நாலடியில் பரப்பினால் ஒரு பிக்சல் சுமார் 1.2 மில்லிமீட்டர். பதினைந்து அடி தள்ளி நிற்பவரின் கண், ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டருக்கும் சிறியதைப் பிரித்தறியாது. ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு மூலப்படமே போதும். பக்கத்தில் வந்து பார்ப்பவருக்காகக் கட்டம் தெரியாமல் வழுவழுப்பாக்கிவிட்டால் சரி. ஆனாலும் ஃப்ளெக்ஸுக்குத்தான் ஆட்கள் எட்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இனி சீரகம். படத்தைப் பெரிதாக்க இரண்டு வழி உண்டு. பழைய வழி, பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்புவது. ஃபோட்டோஷாப்பில் உள்ள பைக்யூபிக், வேறு மென்பொருள்களில் வரும் லான்சோஸ் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு அப்பளம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் புதிதாக எதையும் போடாது. படம் கொஞ்சம் மங்கலாகும், அதுதான் குறை. புதிய வழி, பயிற்றுவிக்கப்பட்ட மாடல். 2021இல் வந்த ரியல்-ஈஎஸ்ஆர்கேன் போன்றவை, நல்ல படங்களை வேண்டுமென்றே சிறிதாக்கிக் கெடுத்து, அவற்றிலிருந்து மறுபடி நல்ல படத்தைக் கொண்டுவரக் கற்றவை. உண்மைப் படம் போலத் தெரிவதற்கே இவற்றுக்கு மதிப்பெண். மங்கலாக விடுவதைவிட ஏதாவதொரு சொரசொரப்பைப் போட்டுவிடுவது இவற்றுக்கு லாபம். டிஃப்யூஷன் வகைக் கருவிகள் இன்னும் ஒரு படி மேல். படத்தை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட புதிதாகவே வரைந்து கொடுக்கும்.

பையன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருப்பான். அது படத்தை மறுபடி அழுத்தும். ஜேபெக் அழுத்தம் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், விளிம்புகளைச் சுற்றி மெல்லிய அழுக்குப் புள்ளிகள் விழும். பொரித்த அப்பளத்தின் கொப்புளம் ஒவ்வொன்றுக்கும் விளிம்பு உண்டு. அந்த அழுக்கு நம் கண்ணுக்குத் தெரியாது, மாடலுக்குத் தெரியும். இளமஞ்சள் பரப்பில் பழுப்புப் புள்ளி கிடந்தால், அது தான் கற்ற படங்களில் பார்த்த ஏதோ ஒரு பொருளாக அதைக் கூர்மையாக்கி விடுகிறது. சீரகம் அப்படி வந்ததுதான்.

ஆகவே முதல் வேலை, கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பையே வாங்குவது. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். அடுத்தது, பெரிதாக்குவதற்கு முன்பே சுத்தம் செய்வது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அழுக்கையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டுப் பிறகு துடைக்கிறார்கள். சுத்தம் செய்யும்போது நிறத்தில் உள்ள இரைச்சலைத் தாராளமாகக் குறைக்கலாம். வெளிச்ச வேறுபாட்டில் உள்ளதைத் தொட்டும் தொடாமலும்தான் குறைக்க வேண்டும், கொப்புளத்தின் மேடு பள்ளமெல்லாம் அந்த வெளிச்ச வேறுபாட்டில்தான் இருக்கிறது. பின்னணியையும் பொருளையும் தனித்தனி மாஸ்க்காகப் பிரித்துக்கொண்டால், வாழை இலையை எவ்வளவு வேண்டுமானாலும் வழுவழுப்பாக்கலாம். அப்பளத்தில் கை வைக்கத் தேவையிருக்காது.

ஏ.ஐ. படத்துக்கே உரிய கோளாறுகள் வேறு. அடுக்கின் நடுவில் இரண்டு அப்பளம் ஒட்டி ஒன்றாகியிருக்கும். தட்டின் விளிம்பு பாதியில் கரைந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் பாக்கெட்டில் தமிழ் போலவே இருக்கும், படித்தால் எந்த எழுத்தும் இராது. இதில் நான் கடைப்பிடிக்கச் சொல்வது ஒன்றுதான்: நீக்கலாம், மங்கலாக விடலாம், நிரப்பக் கூடாது. எழுத்து இருந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு, பெயர், எடை, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாவற்றையும் கோரல்டிராவில் தனியாக எழுத வேண்டும். எண்களைப் படத்துக்குள் விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குச் சான்று உண்டு. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேன் இயந்திரங்கள் வரைபடத்தில் இருந்த எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரேமாதிரி தெரியும் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வைத்துச் சுருக்கும் முறையில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது. எழுத்து மங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அது கூர்மையாக, தெளிவாக, தவறாக இருந்தது.

சுத்தமான படத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்க இலவச மென்பொருளான இமேஜ்மேஜிக்கே போதும்:

```
magick appalam.png -filter Lanczos -resize 1606x1606 \
  -unsharp 0x0.8+0.6+0.02 \
  -units PixelsPerInch -density 300 big.png
```

இரண்டாம் வரி விளிம்புகளை லேசாகக் கூராக்குகிறது. அதன் கடைசி எண், மிகச் சிறிய வேறுபாடுகளைத் தொடாமல் விடச் சொல்வது. அது இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் இரைச்சலும் கூராகிவிடும். கொப்புளங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் 0.6ஐக் குறைக்க வேண்டும். படம் பிளாஸ்டிக் போல வழவழவென்று இருந்தால், படம் முழுக்க ஒரே சீராக மெல்லிய மணல் போன்ற கிரெயின் தூவலாம். இதுவும் இல்லாததைச் சேர்ப்பதுதானே என்று கேட்பார்கள். சேர்ப்பதுதான். ஆனால் இலை, தட்டு, அப்பளம் என்று பார்க்காமல் எங்கும் ஒரேமாதிரி விழும் மணல், பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சீரகம் சொல்கிறது.

மாடலைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கற்பனை அளவைக் கூட்டும் குறைக்கும் நகர்த்தி எதுவாக இருந்தாலும் அதைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டு, வந்த படத்தைச் சோதிக்க வேண்டும். பெரிதாக்கியதை மறுபடி பழைய அளவுக்குச் சுருக்கி, மூலத்தோடு கழித்துப் பார்ப்பது முதல் சோதனை:

```
magick big.png -filter Lanczos -resize 1024x1024 back.png
magick appalam.png back.png -compose difference -composite \
  -evaluate multiply 8 diff.png
```

வித்தியாசம் எட்டு மடங்கு பெருக்கப்பட்டு வெளிச்சமாகத் தெரியும். விளிம்புகளில் மெல்லிய கோடு வருவது இயல்பு. அப்பளத்தின் நடுவில் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வந்தால் அங்கே ஏதோ நுழைந்திருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையில் தேறியதாலேயே படம் உண்மையாகிவிடாது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற முறை இதையே அடிப்படையாகக் கொண்டது. சுருக்கினால் கொடுத்த சிறு படத்தோடு பொருந்துகிற ஒரு கூர்மையான முகத்தைத் தேடித் தரும். பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. சுருக்கிப் பார்த்தால் பொருத்தம்தான், ஆள்தான் வேறு. மூலப் பிக்சலைவிடச் சிறிதாக மாடல் நுழைப்பதை இந்தக் கழித்தல் பிடிக்காது. பெரிதாக்கும் மடங்கு கூடக்கூட அப்படி ஒளிந்துகொள்ளும் இடமும் கூடும். ஒன்றரை மடங்கோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் இரண்டாவது சோதனையாக, அதே படத்தை வேறொரு மாடலிலும் கொடுத்து, இரண்டு முடிவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கலாம். படத்தில் உண்மையாகவே இருந்த விவரத்தில் இரண்டும் ஒத்துப்போகும். ஒன்று சீரகமும் மற்றொன்று விரிசலும் போட்ட இடத்தில், மூலத்தில் இரண்டுமே இல்லை என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் லான்சோஸ் படத்திலிருந்து பகுதியை எடுத்து ஒட்டிவிட வேண்டும். இரண்டு மாடலும் ஒரே பொய்யைச் சொல்லவும் கூடும். ஒரேமாதிரிப் படங்களில் கற்றவை அப்படிச் செய்யும். அங்கே உதவுவது கண்தான். கூடத்திலிருந்து ஒரு அப்பளத்தைப் பொரித்துக் கொண்டுவந்து, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி ஒப்பீட்டைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் இது போட்டோ அல்ல. போட்டோ மங்கினால், அதன் பின்னால் ஓர் உண்மைக் காட்சி இருந்திருக்கிறது, மறுபடி எடுக்கலாம். ஏ.ஐ. படத்தின் பின்னால் எந்தத் தட்டும் இல்லை, எந்த அப்பளமும் இல்லை. மூலத்தையே ஒரு கருவி ஊகித்திருக்கிறது. பெரிதாக்கும்போது ஒன்றும் சேர்க்கவில்லை என்றாலும், முதலிலேயே சேர்த்தது அப்படியே நிற்கும். சட்டம் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்காது. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகள், பொருளைத் தவறாகவோ ஏமாற்றும் விதத்திலோ காட்டக் கூடாது என்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 52ஆம் பிரிவில் தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரையும், 53ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. படத்தில் சீரகமும் பொருள் பட்டியலில் வெறும் உளுந்துமாக இருக்கும் பாக்கெட், வாங்குகிறவரிடம் சண்டைக்கு வழி வைக்கிறது. பிளாஸ்டிக் பாக்கெட் என்றால் நிறத்துக்கொரு சிலிண்டர் செதுக்கித்தான் அச்சிடுவார்கள். அதன் பிறகு தெரியவரும் தவறுக்குச் சிலிண்டர் காசும் போகும்.

என் யோசனை வேறு. பித்தளைத் தட்டையும் வாழை இலையையும் ஏ.ஐ. தரட்டும், அப்பளம் மட்டும் நிஜமானதாக இருக்கட்டும். சாதாரண 12 மெகாபிக்சல் செல்போன் 4000க்கு 3000 பிக்சலில் படமெடுக்கிறது. குறுகிய பக்கமே 300 பிக்சல் கணக்கில் 25 சென்டிமீட்டருக்கு வரும். பாக்கெட்டுக்குப் பெரிதாக்கவே வேண்டாம். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக மட்டும் விழும்படி வைத்து எடுத்தால் கொப்புளங்களின் நிழல் தானாக விழும். ஏ.ஐ. படத்திலும் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வரும்படி பார்த்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனி லேயராக வைத்துக் கோப்பைச் சேமிக்க வேண்டும். நாளைக்குச் சீரக அப்பளமும் போடத் தொடங்கினால், ஒரு லேயரை மாற்றினால் போதும்.